முன் பாக்கி 365

என் பெரியப்பா முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அடுத்தவர் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பதுதான் உத்தியோகம். வீட்டிலும் அதையேதான் செய்தார். சம்பளக் கவர் ஒன்றாம் தேதி பெரியம்மா கைக்குப் போகும். மாதக் கடைசியில் அவள் கணக்கு நோட்டு இவர் கைக்கு வரும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப் பார்த்து, மொத்தத்துக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். அந்த டிக் விழுந்தால் அந்த மாதம் முடிந்தது.

பெரியம்மா போய் முதல் திதி கழிந்த மறுநாள், மயிலாடுதுறை வீட்டில் அவர் அந்த நோட்டுகளை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியில் பழைய புடவைகளுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருந்தவை. எண்பத்தோரு வயது. கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி.

"எதுக்கு பெரியப்பா இப்ப?" என்று கேட்டேன்.

"சும்மாத்தான்டா. அவ கையெழுத்தைப் பார்க்கலாம்னு எடுத்தேன். எடுத்தா கூட்டாம இருக்க முடியல."

கிழவர் ஒருவர் செத்துப்போன மனைவியின் வரவு செலவு நோட்டைப் படிக்கிறார், அதில் அவளுடைய சின்னச்சின்ன ஆசைகளைக் கண்டெடுக்கிறார். இது சிறுகதைக்குப் பொருத்தமான கருதான். நானும் இதைக் கதையாகத்தான் எழுத நினைத்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்தேன். என் கதையில் நோட்டு பேசியது. "எனக்கும் ஒரு நாள்…" என்று ஓரத்தில் வாக்கியம் எழுதிவைத்தது. அப்படி ஒரு வரி அசல் நோட்டுகளில் எங்குமே இல்லை. இருக்கவும் முடியாது. நாட்குறிப்பு தனக்காக எழுதுவது, கடிதம் ஒருவருக்காக எழுதுவது. வீட்டுக் கணக்கு நோட்டோ, சரிபார்க்கப்போகிற ஒருவர் கண்ணுக்காக எழுதுவது. அந்தக் கண்ணுக்குத் தெரியாமல், அதே நேரம் கூட்டலும் தப்பாமல், ஆசையை எங்கே வைப்பது? பெரியம்மா எங்கே வைத்தாள் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

முதலில் அந்த நோட்டு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்த டைரி சில, மீதியெல்லாம் நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. அதன் கீழே "கை இருப்பு", அதாவது நேற்றைய மிச்சம். பிறகு அன்றைய வரவு, அன்றைய செலவு, அடியில் மறுபடி கை இருப்பு. அது அப்படியே அடுத்த பக்கத்தின் தலைக்குப் போகும். ஒரே பொருள் அடுத்தடுத்து வந்தால் பெயரைத் திரும்ப எழுதமாட்டாள், ௸ என்று போடுவாள். மேற்படி என்பதற்கான பழைய கணக்குக் குறி அது. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்று வியாபாரிகளுடைய பேரேடுகளில் இருந்த குறிகள். அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் கடைக் கணக்கு எழுதியிருக்கிறாள். புருஷன்தான் வீட்டில் கணக்கு தெரிந்தவர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. கூட்டல் எல்லாம் சரி. பெரியப்பாவுக்கு அதில் ஒரு பெருமைகூட. 1986 ஏப்ரலில் "பால், 30 நாள், ௹ 60" என்று இருந்தது. தினம் அரை லிட்டர், பால்காரர் லிட்டருக்கு நாலு ரூபாய் வாங்கினார், ஆக அறுபது. டிக்கும் விழுந்திருக்கிறது.

இரண்டாம் நாள் காலை, நோட்டுகளை வைக்க அலமாரியில் இடம் பண்ணும்போது தட்டில் விரித்திருந்த காகிதம் கையோடு வந்தது. பழைய மாதக் காலண்டரைத் திருப்பிப் போட்டுத் தட்டுக்கு விரிப்பது அந்த வீட்டு வழக்கம். வந்தது 1986-ம் வருஷக் காலண்டரின் ஏப்ரல் தாள். அதில் பால் கணக்கு. பால் வாங்குகிற வீடுகளில் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பார்கள், மாதக் கடைசியில் பால்காரரும் வீட்டுக்காரரும் அதைப் பார்த்துத்தான் பணம் பேசுவார்கள். ஏப்ரலில் பதினெட்டுக் கட்டங்களில் "½" என்று இருந்தது. பன்னிரண்டு கட்டங்களில் "கா". கால் லிட்டர்.

பெரியப்பா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கூட்டினார். பதினெட்டு அரை, ஒன்பது லிட்டர். பன்னிரண்டு கால், மூன்று லிட்டர். ஆகப் பன்னிரண்டு லிட்டர், நாற்பத்தெட்டு ரூபாய். பால்காரருக்குப் போனது 48, நோட்டில் ஏறியது 60. வித்தியாசம் 12.

கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இதன் பெயர் தெரியும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பால் தனக்கு ஒத்துக்கலன்னு சொல்லுவா. கடுங்காப்பிதான் குடிப்பா. எனக்கும் பசங்களுக்கும் பால் காப்பி. நாப்பது வருஷமா அவளுக்குப் பால் ஒத்துக்காதுன்னே நினைச்சிட்டிருந்தேன்."

இந்தப் பணத்துக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. சிறுவாடு. வீட்டுச் செலவுக்கென்று கொடுத்ததில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவைக்கிற காசு. அரிசிப் பானை, அஞ்சறைப்பெட்டி, பருப்பு டப்பா, மடித்த புடவைக்குள் என்று இருக்குமிடம் வீட்டுக்கு வீடு மாறும். இதைத் திருட்டு என்று எந்தக் குடும்பமும் சொன்னதில்லை. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவும் முடியாது. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நாடு முழுக்க எத்தனையோ பெண்கள் அந்தப் பணத்தை வெளியே எடுத்துப் புருஷனிடமோ பிள்ளையிடமோ கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசே சொல்லும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயம். பல வீடுகளில் அன்றைக்கு நடந்த பேச்சு கிண்டலும் சிரிப்புமாக முடிந்துபோனது. அந்தப் பணம் எதற்காகச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டுக் கணக்கில் சிறுவாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? கூட்டலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் கூட்டல் எப்போதும் சரியாகவே இருக்கும். தப்பாகக் கூட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவள் கூட்டலில் கை வைக்கமாட்டாள். "இதர", "சில்லறை" என்று எழுதுகிற இடத்திலும் பெரும்பாலும் இருக்காது, சரிபார்க்கிறவர் முதலில் கேட்பதே அதைத்தானே. அது இருப்பது அளவில். அதுவும் தினம் வந்து அன்றைக்கே தீர்ந்துபோகிற பொருளின் அளவில். ஒரு மூட்டை அரிசியைக் குறைத்து வாங்கினால் கண்ணுக்குத் தெரியும். போன மாதம் குடித்த பாலை இந்த மாதம் யார் அளந்து பார்ப்பது? பால், கீரை, பூ, தயிர் என்று இருக்கிற வரிகளில்தான் அது ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க நோட்டுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். எங்களுக்குக் காலண்டர் கிடைத்தது.

அப்புறம் பெரியப்பா செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அலுவலகத்தில் ஒரு வித்தியாசம் கிடைத்தால் அவர் அடுத்துத் தேடுவது, பணம் எங்கே போயிற்று என்பதை. 1986-ம் வருஷ நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். பின்பக்கம் இன்னொரு நோட்டு இருந்தது.

தடித்த அட்டையின் உள்பக்கம் ஒரு தையல் ஊசி குத்தியிருந்தது. துருப்பிடித்து, சுற்றிலும் காகிதத்தில் பழுப்பாக ஒரு கறை. ஊசியின் காதில் அரை விரல் நீளத்துக்கு வெள்ளை நூல். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டியல். பவானி ஜமக்காளம் பெரியது 65. எவர்சில்வர் கேரியர் நாலடுக்கு 48. ராமேஸ்வரம் 2 பேர், அதற்கு நேரே விலை இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். எதிலும் தேதி இல்லை, எதுவும் வாங்கியதாகக் குறிப்பும் இல்லை. கடைக்குப் போனவள் விலையை மட்டும் கேட்டு வந்து எழுதியிருக்கிறாள். விலை கேட்பதற்குக் காசு வேண்டாம். பட்டியலில் கடைசியாக இருந்தது, "தை.மெ. கால் 850, கை 560". இந்த 560-க்கு அடியில் இரண்டு கோடு.

அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து மாதாமாதம் ஒரே வரி. தை.மெ. 9. தை.மெ. 14. 1986 ஏப்ரலுக்கு நேராக, தை.மெ. 12.

பன்னிரண்டும் பன்னிரண்டும் ஒத்துப்போனது. ஆனால் தை.மெ. என்றால் என்ன? பெரியப்பா "தை மாசம்" என்றார். தை மாதத்தில் ஏதோ வாங்கச் சேர்த்திருக்கிறாள், பொங்கலுக்காக இருக்கும் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொங்கலுக்கு வாங்குகிற எந்தச் சாமானில் "கால்", "கை" என்று இரண்டு வகை உண்டு? மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தையல் மெஷினுங்க. கால்ல மிதிக்கிறது ஒண்ணு, கையால சுத்துறது ஒண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியப்பாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை ஒரு முறையாக ஆக்கியவர் ஹானி மொதோகோ என்ற பெண் பத்திரிகையாளர். 1904-ல் அச்சிட்டு வெளியிட்டார். அந்த முறையில் செலவு எழுதுவதற்கு முன்னால் திட்டம் எழுத வேண்டும், மாதத் தொடக்கத்திலேயே எதற்கு எவ்வளவு என்று ஒதுக்கிவிட வேண்டும். நம் வீட்டு நோட்டுகளில் அப்படிக் கட்டம் கிடையாது. நடந்து முடிந்ததைத்தான் எழுதுகிறோம். இனி நடக்க வேண்டும் என்று நினைத்ததை எழுத இடம் வேண்டுமானால் நோட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான்.

பின்பக்கக் கணக்கை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தோம். 1985 ஜூனில் தொடங்குகிறது. ஒரு வருஷத்தில், 1986 மே கடைசியில், 138 ரூபாய். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அந்த மாதத்து வரி இது: "வீட்டுக்குக் கைமாற்று 100." மிச்சம் 38.

இந்த வரியைப் பார்த்ததும் பெரியப்பா நோட்டை நேராகத் திருப்பி முன்பக்கத்தில் அதே மாதத்தைத் தேடினார். வரவில் இருந்தது: "கைமாற்று 100." அவருக்கு நினைவு வந்துவிட்டது. யாரிடம் வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார், எதிர்வீட்டில் என்று சொல்லியிருக்கிறாள். "எதிர்வீட்டுக்காரர் மூஞ்சில முழிக்கவே ரெண்டு மாசம் கூச்சமா இருந்துச்சுடா. தெருவுல அவர் வந்தா நான் சந்துல திரும்பிடுவேன்" என்றார். கடன் கொடுத்தவள் அடுக்களையில் இருந்தாள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது இன்னொன்று. அவள் அந்த நூறு ரூபாயை வீட்டுக்குக் கொடுத்துவிடவில்லை, கடனாகத்தான் தந்தாள். ஆகஸ்டில் வீடு 20 திருப்பித் தந்தது, செப்டம்பரில் இன்னொரு 20. முன்பக்கத்தில் செலவாக, "கைமாற்று திருப்பியது". பின்பக்கத்தில் வரவாக, "வீட்டிலிருந்து வந்தது". ஒரே காசு, ஒரே நாள், இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக. அலுவலகத்தில் இதைத்தான் இரட்டைப் பதிவு என்று பெரியப்பா இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரேடு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று மெஷினுக்கு. வீடு கடன்காரன், மெஷின் கடன் கொடுத்தவன். இரண்டுக்கும் கணக்குப்பிள்ளை அவளேதான்.

அந்த 40 வந்ததும் இருப்பு 78. அதற்குப் பிறகு பாலோடு இன்னொரு வரவும் சேர்கிறது. "கொக்கி 2." "ஓரம் 3." அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கைக்குக் கையாலேயே கொக்கி வைத்துக் கொடுத்திருக்கிறாள், புடவைக்கு ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். மத்தியானம், இவர் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரம். அட்டையில் குத்தியிருந்த ஊசி செய்த வேலை அது. பதினாறு மாதத்தில் 360 ரூபாய். 1988 ஜனவரிக் கடைசியில் மொத்தம் 438. கை மெஷினுக்கு இன்னும் 122 வேண்டும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 560, 438, 122 என்று கழித்துப் பார்த்த பென்சில் கணக்கு இருக்கிறது. அதே கழித்தலை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறாள். விடையில் சந்தேகம் வந்திருக்காது. பார்க்க நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் பெரியப்பாவுக்கு டைபாய்டு வந்தது. இருபது நாள் படுக்கை. "வீட்டுக்குக் கைமாற்று 380."

அது கழிந்து 1990 வரை வீடு கொஞ்சம் கொஞ்சமாக 75 ரூபாய் திருப்பியிருக்கிறது, அதோடு நின்றுவிட்டது. முன்பக்கத்தில் அந்தக் கடன் தீராமலே மறைந்துபோனதைப் பெரியப்பா அப்போது கவனித்துக் கேட்டிருக்கிறார். "அவங்க வேணாம்னுட்டாங்க" என்று சொன்னாளாம். நல்ல மனுஷங்க என்று எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கையில் இருந்த மீதியும் 1990-ல் போய்விட்டது. சின்ன மகளுக்கு வெள்ளிக் கொலுசு. அங்கே அவள் எழுதிய சொல் வேறு. "கொலுசுக்குக் கொடுத்தது" என்று இருக்கிறது, கைமாற்று என்று இல்லை. அதனால் அது கடன் கணக்கில் ஏறவில்லை. எதைக் கொடுத்தாள், எதைக் கொடுத்துவைத்தாள் என்பதை அவள் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. தியாகம் என்று சொல்லி அவளை ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம். கொலுசு மகளுக்குச் சந்தோஷமாகக் கொடுத்தது. நூறும் முந்நூற்று எண்பதும் அவளுக்குத் திரும்பி வர வேண்டியவை.

பெரியப்பா கூட்டினார். கொடுத்தது 100, 380. ஆக 480. வந்தது 40, 75. ஆக 115. பாக்கி 365. நோட்டில் அவளும் 365 என்றே எழுதியிருந்தாள்: "வீடு தரவேண்டியது ௹ 365." அதற்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் 1991-ம் வருஷ நோட்டை எடுத்துத் திருப்பினார். பின் அட்டையின் உள்பக்கம், கீழ் மூலையில், "தை.மெ. முன் பாக்கி 365."

1992-ஐ எடுத்தார். அதே மூலை, அதே வரி. 1993. 1994. அந்த வருஷங்களில் பின்பக்கத்தில் வேறு கணக்கே இல்லை, கொக்கியும் ஓரமும் நின்றுபோயின. இந்த ஒரு வரி மட்டும். 2000-த்தில் மகனுக்கு வேலை கிடைத்து வீட்டில் ஃபிரிட்ஜ் வந்த வருஷத்து நோட்டிலும் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்ட 2012-லும் இருந்தது, எழுத்து மட்டும் பெரிதாகி, கோணலாக. கடைசி நோட்டு 2021. முப்பத்தோரு வருஷத்தில் மூன்று நோட்டு கிடைக்கவில்லை. கிடைத்த இருபத்தெட்டிலும் அந்த 365 இருந்தது.

கடனைக் கணக்கில் என்ன செய்வார்கள் என்று பெரியப்பா எனக்கு விளக்கினார். குரல் அலுவலகத்துக் குரலாக மாறிவிட்டது, அதில் அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது போல. வருஷ முடிவில் வரவேண்டிய கடன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். கடன்காரன் கொடுப்பான் என்று தோன்றினால் அந்தத் தொகையை அடுத்த வருஷப் புத்தகத்துக்கு எடுத்துப்போவார்கள், அது முன் பாக்கி. இனி வராது என்று தெரிந்துவிட்டால் வராக்கடன் என்று எழுதி நஷ்டத்தில் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் அடுத்த புத்தகத்தில் அது இருக்காது. "மூணு வருஷம், நாலு வருஷம் பார்ப்போம். அதுக்கு மேல எந்த ஆபீஸ்லயும் தூக்கிட்டு வரமாட்டாங்க. தள்ளிடுன்னு நானே எத்தனையோ ஃபைல்ல எழுதியிருக்கேன்" என்றார்.

மளிகைக் கடைக் கணக்கு எழுதியவளுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் தள்ளவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் புது நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, வரவேண்டியது என்று எழுதியிருக்கிறாள். விலை ஏறியது, அந்தப் பணத்துக்கு மெஷினின் கைப்பிடிகூட வராது என்கிற காலமும் வந்தது. தொகையை அவள் மாற்றவில்லை, வட்டி போடவில்லை. பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே மெஷின் வந்திருக்கும். சொல்லவில்லை. மகன் வாங்கித் தந்தால் அது அன்பளிப்பு. வீடு திருப்பித் தந்தால் அது அவள் பணம். இரண்டும் ஒன்றல்ல என்று அவள் நினைத்திருப்பாள் என்பது என் ஊகம்தான். ஆனால் கொலுசுக்கும் கைமாற்றுக்கும் வேறு வேறு சொல் எழுதியவள் அப்படி நினைக்காமல் இருந்திருக்க முடியாது.

"ஒரு தடவ கேட்டிருக்கலாமேடா" என்றார் பெரியப்பா. கொஞ்சம் பொறுத்து அவரே, "மாசாமாசம் நோட்ட கையில வாங்கினவன் நான்தானே. திருப்பிப் பார்த்திருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் காப்பி போட அவரே எழுந்து போனார். பக்கத்து வீட்டு அக்கா ஃபிளாஸ்கில் பால் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்தார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். முதல் வாய்க்கு அவர் முகம் சுளித்தது, ஆனால் டம்ளரைக் காலி பண்ணினார்.

பெரியம்மா போனதிலிருந்து வீட்டுச் செலவை அவர்தான் எழுதுகிறார். பால், மருந்து, கரன்ட் பில், சமையலுக்கு உதவுகிற அக்காவுக்குக் கொடுப்பது. வருஷம் பிறந்து வாங்கிய புது நோட்டு மேசையில் இருந்தது. டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வந்து அதை எடுத்தார். அவளுடைய நோட்டுகளில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்று என்னிடம் முன்னமே சொல்லியிருந்தார், அடுத்தவர் புத்தகத்தில் கை வைப்பது முறை இல்லை என்று. தன் நோட்டைத் தலைகீழாகத் திருப்பினார். பின் அட்டையின் உள்பக்கம் விரலால் தடவி மூலையைத் தேடினார். பூதக்கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவால், மெதுவாக எழுதினார்.

தை.மெ. முன் பாக்கி 365.